சதவீதமா, சதவீதப் புள்ளியா? செய்தியில் கணக்கு உதைக்கும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

புள்ளிவிவர அறிக்கையைச் சுருக்கி எழுதிய செய்தி மேசைக்கு வருகிறது. படித்தால் எங்கோ இடறுகிறது, எங்கே என்று உடனே பிடிபடவில்லை. பெரும்பாலும் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கும்: ஏற்கனவே சதவீதமாக உள்ள ஓர் எண் மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தையும் சதவீதம் என்றே எழுதிவிட்டார்கள். இரண்டு விகிதங்களைக் கழித்தால் கிடைப்பது சதவீதப் புள்ளி. அந்தக் கழித்தல் விடையைப் பழைய விகிதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது சதவீத மாற்றம். விதி இவ்வளவுதான். ஆனால் இது தெரிந்தவர்கள் கையிலும் தவறு நடக்கிறது, ஏனென்றால் தவறு ஒவ்வொரு முறையும் வேறு வேடத்தில் வருகிறது. அதனால் விதியிலிருந்து தொடங்காமல், செய்தியில் கண்ணுக்குப் படும் அறிகுறியிலிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கின்றன, நடுவில் உள்ள சதவீதம் ஒட்டவில்லை

உண்மையான ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் 2020 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், அந்நாட்டின் வேலையின்மை விகிதம் மார்ச்சில் 4.4 சதவீதமாக இருந்து ஏப்ரலில் 14.7 சதவீதமாகியிருந்தது. இதைச் சுருக்கும் ஒருவர் இப்படி எழுதுகிறார்:

"வேலையின்மை விகிதம் ஒரே மாதத்தில் 10.3 சதவீதம் உயர்ந்து 14.7 சதவீதத்தைத் தொட்டது."

சோதனை எளிது. பழைய எண்ணை எடுத்து, வாக்கியம் சொல்கிறபடியே செய்து பாருங்கள். 4.4-இல் 10.3 சதவீதம் என்பது சுமார் 0.45. இரண்டையும் கூட்டினால் 4.85தான் வரும். செய்தியோ 14.7 என்கிறது. வாக்கியம் தன் கணக்கிலேயே தோற்றுவிட்டது. 10.3 என்பது கழித்து வந்த விடை, ஆகவே அது "10.3 சதவீதப் புள்ளி". பணியகத்தின் அறிக்கையும் அப்படித்தான் சொன்னது. சதவீத மாற்றமாகவே சொல்ல வேண்டுமென்றால் 10.3-ஐ 4.4-ஆல் வகுக்க வேண்டும்; விடை 234 சதவீதம். ஒரே நிகழ்வு, ஓர் அளவில் 10, இன்னோர் அளவில் 234. எதை எதன் பெயரில் எழுதுகிறோம் என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று இதிலிருந்தே தெரியும்.

இந்தத் தவறு அறியாமையால் மட்டும் வருவதில்லை. எக்செல் போன்ற விரிதாள்களே இதை எடுத்துக் கொடுக்கின்றன. `A2` செல்லில் 4.4%, `B2` செல்லில் 14.7% என்று வைத்துக் கழித்துப் பாருங்கள்:

```
=B2-A2
```

விடைச் செல்லும் சதவீத வடிவத்தில் இருந்தால் அது `10.3%` என்று காட்டும். உள்ளே இருப்பது 0.103 என்ற எண். வெளியே ஒட்டியிருக்கும் குறி பொய். அந்தக் குறியை அப்படியே நகலெடுத்துச் செய்தியில் போட்டுவிடுகிறார்கள். எப்போதும் இரண்டு தனி நிரல்களை வைத்து, தலைப்பில் அளவின் பெயரை எழுதிவிடுவது நல்லது. முதலாவது சதவீதப் புள்ளிக்கு, இரண்டாவது சதவீத மாற்றத்துக்கு:

```
=(B2-A2)*100
=(B2-A2)/A2
```

முதல் செல்லைச் சாதாரண எண் வடிவத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் 1030.0% என்று மிரட்டும். மிரட்டினால் நல்லதுதான் என்று தோன்றுகிறது, 10.3% என்று அடக்கமாக நிற்பதுதான் ஆபத்து, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

திருத்தும்போது வெறுமனே "புள்ளி" என்ற சொல்லைச் செருகிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு முனைகளையும் முன்னால் வையுங்கள்: "மார்ச்சில் 4.4 சதவீதமாக இருந்த வேலையின்மை விகிதம் ஏப்ரலில் 14.7 சதவீதமானது. ஒரே மாதத்தில் 10.3 சதவீதப் புள்ளி உயர்வு." முனைகள் இரண்டும் இருந்தால், சதவீதப் புள்ளி என்ற சொல்லைக் கேட்டறியாத வாசகருக்கும் செய்தி முழுதாகப் போய்ச்சேரும். இடம் போதாமல் ஒன்றை வெட்ட வேண்டி வந்தால் நான் மாற்றத்தை வெட்டுவேன், முனைகளை அல்ல.

அதே அறிக்கையில் இன்னொரு பொறி இருந்தது, அது இதைவிட நுட்பமானது. வேலைக்குப் போகாமல் இருந்தும் "வேலையில் உள்ளவர்" என்று பதிவான ஒரு கூட்டத்தைப் பணியகம் குறிப்பிட்டு, அவர்களையும் வேலையில்லாதோராகச் சேர்த்திருந்தால் விகிதம் கிட்டத்தட்ட 5 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்திருக்கும் என்றது. அதாவது 20-ஐ நெருங்கியிருக்கும். இதை "5 சதவீதம் கூடுதல்" என்று எழுதினால், 14.7-இல் 5 சதவீதத்தைச் சேர்த்து 15.4 என்றே கணக்கறிந்த வாசகர் எடுத்துக்கொள்வார். முந்தைய எடுத்துக்காட்டில் தவறைக் காட்டிக்கொடுக்க 14.7 என்ற முடிவெண் இருந்தது. இங்கே முடிவெண்ணே இல்லை, ஆகவே செய்திக்குள்ளேயே சோதித்துப் பிடிக்க வழியில்லை. இப்படி முடிவெண் இல்லாத வாக்கியங்களுக்கு மூல அறிக்கையைத் திறந்து, அங்கே என்ன சொல் நிற்கிறது என்று பார்ப்பது தவிர வேறு வழி கிடையாது. சரிபார்த்த கையோடு முடிவெண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே செய்தியில் இரண்டு சதவீதங்கள், இரண்டும் சரியாகத் தெரிகின்றன, ஆனால் ஒன்றோடொன்று மோதுகின்றன

அதே ஏப்ரல் மாதக் கணக்கில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 1 கோடியே 59 லட்சம் கூடி 2 கோடியே 31 லட்சமானது. பழைய எண்ணிக்கை 71 லட்சத்துக்குச் சற்று மேல் என்பதால், எண்ணிக்கையில் உயர்வு 220 சதவீதத்தைத் தாண்டுகிறது. விகிதத்திலோ 234 சதவீதம் என்று மேலே பார்த்தோம். ஒரே மாதம், ஒரே நாடு. அப்படியானால் ஒன்று தவறா?

இல்லை. விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே வேலையில்லாதோர், கீழே, வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த மொத்தத் தொழிலாளர் படை. அந்த மாதம் மேல் எண் பெருகியதோடு கீழ் எண் சுருங்கவும் செய்தது. பலர் வேலையை இழந்ததும் புதிய வேலை தேடவே இல்லை. தேடாதவர் தொழிலாளர் படைக் கணக்கில் வர மாட்டார். தொழிலாளர் படைப் பங்கேற்பு விகிதம் 2.5 சதவீதப் புள்ளி குறைந்து 60.2 சதவீதமானதாக அதே அறிக்கை சொன்னது. கீழ் எண் சிறுத்தால் பின்னம் கூடுதலாகப் பெருக்கும், அதனால்தான் விகிதத்தின் உயர்வு எண்ணிக்கையின் உயர்வை முந்தியது.

ஆகவே சரிபார்க்க வேண்டியது எண்ணை அல்ல, எழுவாயை. "வேலையில்லாதோர் 234 சதவீதம் அதிகரிப்பு" என்பது தவறு, ஏனெனில் 234 ஆட்களின் கணக்கு அல்ல. "வேலையின்மை விகிதம் 220 சதவீதம் அதிகரிப்பு" என்பதும் தவறு. ஆட்களை எழுவாயாக வைத்தால் ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுங்கள். விகிதத்தை எழுவாயாக வைத்தால் விகிதத்திலிருந்து. வாக்கியத்தைச் சுவையாக்க எழுவாயை மாற்றும் துணையாசிரியர்கள் உண்டு: "விகிதம்" என்ற வறட்டுச் சொல்லை எடுத்துவிட்டு "மக்கள்" என்று போடுவார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு கணக்கும் மாற வேண்டும்.

ஒப்பிடும் காலம் நீண்டதாக இருந்தால் இந்த மோதல் இன்னும் பெரிதாகும். பத்தாண்டுகளில் ஒரு விகிதம் 20 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கலாம். அதே காலத்தில் மொத்த மக்கள்தொகை 15 சதவீதம் கூடியிருந்தால், அந்த விகிதத்துக்குள் வரும் ஆட்களின் எண்ணிக்கை ஏறியிருக்கும். 100 பேரில் 20 என்பது 115 பேரில் 20.7 ஆகிறது. "2 சதவீதப் புள்ளி குறைவு" என்பதும் உண்மை, "ஆட்கள் 3.5 சதவீதம் கூடுதல்" என்பதும் உண்மை. ஆளும் தரப்பு முதலாவதைக் கொடுக்கும், எதிர்த்தரப்பு இரண்டாவதைக் கொடுக்கும். செய்தியில் இரண்டையும், ஏன் இரண்டும் ஒன்றாக இருக்க முடிகிறது என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடுவதே நேர்மை.

அறிகுறி: தலைப்பில் பெரிய சதவீதம், உடலில் தேடினாலும் அடிப்படை எண் கிடைக்கவில்லை

மருத்துவச் செய்திகளில் இது மிகுதி. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் குழாயில் உறைகட்டி உருவாகும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன. செய்திகளில் அது 100 சதவீத உயர்வாகப் போனது. பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அடிப்படை எண் என்ன? பழைய மாத்திரை எடுத்த 7,000 பெண்களில் ஒருவருக்கு உறைகட்டி வந்தது. புதிய மாத்திரையில் 7,000 பேரில் இருவருக்கு. கருவுறுதலே உறைகட்டி அபாயத்தை அந்த மாத்திரைகளைவிட அதிகமாக்கும் என்பது இதில் கசப்பான பகுதி.

100 சதவீதம் என்பது பொய்யில்லை. ஆனால் எதன் 100 சதவீதம் என்று தெரியாதவரை அது ஒரு கூச்சல் மட்டுமே.

இங்கே சதவீதப் புள்ளிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். 7,000-இல் ஒன்று என்பது ஏறத்தாழ 0.014 சதவீதம். "0.014 சதவீதப் புள்ளி உயர்வு" என்று எழுதினால் துல்லியம் இருக்கும், பொருள் இருக்காது, முதலாவது மிரட்டியது என்றால் இது தூங்கவைக்கும். விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டால் இரண்டு அளவுகளையும் கைவிட்டு ஆட்களாக எண்ணுங்கள்: "7,000 பேரில் ஒருவருக்கு இருந்தது, இருவராகிறது." இரு பக்கமும் ஒரே 7,000 நிற்பது முக்கியம். "7,000-இல் ஒருவர், 3,500-இல் ஒருவராகிறது" என்று கீழ் எண்ணை மாற்றினால், எது பெரியது என்பதிலேயே வாசகர் தடுமாறுவார்.

அடிப்படை எண் மூல அறிக்கையின் சுருக்கத்தில் இல்லாமலும் போகலாம். 2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்றது. இது சதவீத மாற்றம், அதாவது ஒப்பீட்டு உயர்வு. "100 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய்" என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசிக்க இடம் கொடுத்தது செய்தியின் குற்றம். உங்கள் வாசகர்கள் வாழும் இடத்தில் வாழ்நாள் அபாயம் எவ்வளவு என்று அங்குள்ள புற்றுநோய்ப் பதிவேட்டிலோ மருத்துவரிடமோ கேட்டு வாங்குங்கள். அது 100 பேரில் 5 என்று கிடைத்தால், 5-இல் 18 சதவீதம் 0.9, ஆக 100 பேரில் ஏறக்குறைய 6 பேர். அது 100-இல் 1 என்றிருந்தால் 1.18. ஒரே 18, இடத்துக்கு இடம் வேறு எடை. அடிப்படை எண் கடைசிவரை கிடைக்கவில்லையென்றால் அந்தச் சதவீதத்தைத் தலைப்பிலிருந்தாவது இறக்கிவிடுவேன்.

அறிகுறி: "குறைந்தது" என்று எழுதியிருக்கிறோம், வாசகரோ "எங்கே குறைந்தது?" என்று சண்டைக்கு வருகிறார்

பணவீக்கம் பற்றிய செய்தியாக இருக்கும். பணவீக்க விகிதமே ஒரு சதவீத மாற்றம். சென்ற ஆண்டு இதே மாத விலையோடு ஒப்பிட்டு எடுத்தது. அது மாறும்போது நாம் எழுதுவது மாற்றத்தின் மாற்றத்தை. இரண்டு படிகள் இருப்பதால் ஒன்றில் கால் வழுக்குகிறது.

அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி ஆண்டுப் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், 2023 ஜூனில் 3.0 சதவீதம். கழித்தால் 6.1 சதவீதப் புள்ளி. வகுத்தால் 67 சதவீதக் குறைவு. "பணவீக்கம் 67 சதவீதம் சரிந்தது" என்பது கணக்குப்படி சரியே, ஆனால் படிப்பவர் காதில் விலைகள் மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிட்டதாக விழும். உண்மையில் விலை இறங்கவே இல்லை. 2021 ஜூனில் 100 ஆக இருந்த விலைமட்டம் ஓராண்டில் 109.1 ஆகி, அடுத்த ஆண்டில் அதன்மேல் 3 சதவீதம் ஏறி 112.4 ஆனது.

சோதனை இப்படி: வாக்கியத்தில் "பணவீக்கம்" என்ற இடத்தில் "விலையேற்றத்தின் வேகம்" என்று போட்டுப் படியுங்கள். வாக்கியம் நின்றால் சரி. "விலை" என்று போட்டாலும் நிற்பதுபோல் தோன்றினால் எழுதிய முறை தெளிவாக இல்லை என்று பொருள். "விலைகள் தொடர்ந்து ஏறுகின்றன, ஆனால் ஏறும் வேகம் 9.1 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகத் தணிந்திருக்கிறது" என்றால் சண்டைக்கு இடமில்லை. வளர்ச்சி விகிதம், மக்கள்தொகைப் பெருக்க விகிதம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த வகை விகிதங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: அவை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பொருளாதார வளர்ச்சி −2 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏறியது என்று வையுங்கள். சதவீத மாற்றம் கேட்டால் விரிதாள் −300% என்று கொடுக்கும், ஏறியதற்கு! பழைய எண் பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ, அல்லது 0.1 போல மிகச் சிறியதாகவோ இருந்தால் சதவீத மாற்றத்துக்குப் பொருளே கிடையாது. அங்கே 6 சதவீதப் புள்ளி என்று மட்டுமே எழுத முடியும்.

அறிகுறி: செய்தி சரி, தலைப்பு தவறு

செய்தியில் "விகிதம் 12 சதவீதமாக உயர்ந்தது". தலைப்புக்குச் சுருக்கும்போது "விகிதம் 12 சதவீதம் உயர்வு". உதிர்ந்தது "ஆக" மட்டும்தான். ஆனால் போய்ச்சேர்ந்த எண்ணை நகர்ந்த தொலைவாக மாற்றிவிட்டது. 9-லிருந்து 12 என்றால் உயர்வு 3 சதவீதப் புள்ளி, அல்லது 33 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் 12 இல்லை. இடநெருக்கடியில் முதலில் பலியாவது விகுதிதான் என்பதால், சதவீதம் உள்ள தலைப்புகளை உடலோடு தனியாக ஒப்பிட்டே விட வேண்டும். இடம் குறைவென்றால் "9-லிருந்து 12% ஆனது" என்று முனைகளைப் போடுங்கள். நீளமும் குறைவு, வழுவும் இல்லை.

"மடங்கு" இதற்கு உறவுக்காரன். 5-லிருந்து 15 ஆனால் அது மூன்று மடங்கானது. உயர்வு 200 சதவீதம். "மூன்று மடங்கு உயர்ந்தது" என்று எழுதினால் சிலர் 15 என்பார்கள், சிலர் 20 என்பார்கள். "மூன்று மடங்கானது" என்று முடித்தால் தகராறு இல்லை. மேலே பார்த்த 234 சதவீத உயர்வும் "3.3 மடங்கானது" என்றுதான் வரும், "2.3 மடங்கானது" என்று அல்ல.

வட்டி விகிதச் செய்திகளில் வரும் "அடிப்படைப் புள்ளி"யையும் இங்கேயே முடித்துவிடலாம்: 100 அடிப்படைப் புள்ளி ஒரு சதவீதப் புள்ளி. 25 அடிப்படைப் புள்ளி என்றால் 0.25 சதவீதப் புள்ளி. நிதிச்சந்தைக்காரர்கள் இந்தச் சொல்லை வைத்திருப்பதே சதவீதக் குழப்பம் வராமல் இருக்கத்தான். பொதுவாசகருக்கு எழுதும்போது மாற்றி எழுதி, புதிய வட்டி எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: கருத்துக்கணிப்பில் "பிழை வரம்பு 3 சதவீதம்", ஆதரவு 3 சதவீதம் உயர்ந்ததாகத் தலைப்பு

இதில் இரண்டு கோளாறுகள். ஏறத்தாழ 1,000 பேரிடம் எடுத்த கணிப்பின் பிழை வரம்பு சுமார் ±3 சதவீதப் புள்ளி. ஒருவருக்கு 40 சதவீத ஆதரவு என்றால் உண்மை நிலை 37-க்கும் 43-க்கும் இடையில் இருக்கலாம். இதை 3 சதவீதம் என்று உள்ளபடி கணக்கிட்டால் 38.8 முதல் 41.2 வரை என்றாகி, கணிப்பு இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

இரண்டாவது கோளாறு பெரியது. சென்ற மாதம் 38, இந்த மாதம் 41. உயர்வு 3 சதவீதப் புள்ளி. ஆனால் இரண்டு கணிப்புகளுக்கும் தனித்தனியே ±3 பிழை இருக்கிறது, மாற்றத்தில் இரண்டும் கலக்கின்றன. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±4.2 வரும். 3 புள்ளி நகர்வு அந்த வரம்புக்குள்ளேயே அடங்குவதால், உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கணிப்பில் இருவருக்கிடையிலான முன்னிலைக்கு வரம்பு இன்னும் அகலம், கிட்டத்தட்ட இரட்டிப்பு வரை போகும். "8 சதவீத உயர்வு" என்று ஒப்பீட்டு அளவில் இதை எழுதினால் (3-ஐ 38-ஆல் வகுத்தது), பிழை வரம்போடு ஒப்பிடும் வழியையே வாசகரிடமிருந்து பறித்துவிடுகிறோம். கணிப்புகளில் சதவீத மாற்றத்தை எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி.

அறிகுறி: மூல அறிக்கையும் நம் கணக்கும் சற்றே ஒத்துப்போகவில்லை

பெரும்பாலும் முழுமையாக்கலால் வருவது. சதவீதப் புள்ளியில் இது 0.1 அளவுக்கு இடறும், அவ்வளவுதான். மூல அறிக்கை தரும் வித்தியாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சதவீத மாற்றத்தில்தான் இது விபரீதமாகும். அறிக்கையில் 0.4 சதவீதம் 0.5 ஆனது என்றிருக்கிறது; "25 சதவீத உயர்வு" என்று எழுதத் தோன்றும். ஆனால் 0.4 என்பதற்குப் பின்னால் 0.35 முதல் 0.45 வரை எதுவும் ஒளிந்திருக்கலாம், 0.5-க்குப் பின்னாலும் அப்படியே. 0.449-லிருந்து 0.451 ஆகியிருந்தால் உயர்வு அரை சதவீதம்கூட இல்லை; 0.351-லிருந்து 0.549 ஆகியிருந்தால் 56 சதவீதம். நாம் எழுதிய 25 வெறும் அனுமானம். முழுமையாக்காத எண்களோ, பின்னத்தின் மேல், கீழ் எண்ணிக்கைகளோ கையில் இருந்தால் மட்டுமே இவ்வளவு சிறிய விகிதங்களில் சதவீத மாற்றம் கணக்கிடலாம்.

வெளியான பிறகு கண்ணில் பட்டால்

எண்ணைச் சத்தமின்றி மாற்றிவிட்டு நகர்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது: "10.3 சதவீதம்" என்பதைப் பிறர் ஏற்கனவே எடுத்து மேற்கோள் காட்டியிருப்பார்கள். திருத்தக் குறிப்பில் "எண்ணில் பிழை" என்று போட்டால் 10.3 தவறு என்று நினைப்பார்கள்; தவறு எண்ணில் இல்லை, அதன் அளவில். இப்படி எழுதலாம்: "வேலையின்மை விகிதம் 10.3 சதவீதம் உயர்ந்ததாக முதலில் வெளியானது. உயர்வு 10.3 சதவீதப் புள்ளி, விகிதம் 4.4 சதவீதத்திலிருந்து 14.7 சதவீதமானது." பிறகு தலைப்பு, வரைபடத்தின் அச்சுக் குறிப்பு, சமூக ஊடகப் பதிவு, படத்துக்குக் கீழே உள்ள வரி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடலில் திருத்தியது அங்கெல்லாம் தானாகப் போய்ச்சேராது.